என் சிறுகதை ‘வெள்ளைத் தாள்’: நிழல் கணக்கு நிற்குமா, பார்த்துச் சொல்லுங்கள்

#1 மைக்கூடு

எல்லோருக்கும் வணக்கம். ஒரு செய்தி அறைக் கதை எழுதியிருக்கிறேன். எனக்கும் செய்தித் துறைக்கும் சம்பந்தமில்லை, தூரத்திலிருந்து பார்த்ததுதான். நடையைத் திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் என்னை உறுத்துவது கதையில் வரும் நிழல் கணக்கு. ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. கணக்கு சுலபமாக வரட்டுமென்று பூமத்திய ரேகை மேல் ஓர் இடம், மார்ச் மாதச் சம இரவு நாள், அன்று அங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12:07 என்று வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் அந்த நாளில் சூரியன் மணிக்கு 15 பாகை வீதம் நேராக மேற்கே இறங்கும், வேறு சிக்கல் கிடையாது.

கதை இதோ:

*அறிக்கை ஒன்றரைப் பக்கம்தான். பிற்பகல் 3 மணிக்கு அணையில் சங்கு ஊதப்பட்டது. 4 மணிக்கு ஷட்டர் தூக்கப்பட்டது. இடையில் ஒரு மணி நேரம் இருந்தும் ஆற்று மணலை விட்டு வெளியேறாதவர்கள் ஆறு பேர். ‘வெளியேறாதவர்கள்’ என்ற சொல்லுக்குக் கீழே வனஜா பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள்.*

*ஐந்தாம் நாள் சாயங்காலச் செய்திக்கு அவளுக்கு வேண்டியிருந்தது அணையின் அமைதியான காட்சி ஒன்று, ஆறு நொடி. சம்பவம் நடந்த அன்றே பீட்டர் அணைக்குப் போயிருந்தான். அது வேறு வேலை. கரையில் புதிதாகக் கல் பதித்த நடைபாதையைப் பற்றி ஒரு சின்னச் செய்தி, அது ஒளிபரப்பாகவே இல்லை. அந்தக் கார்டின் நகல் சர்வரில் அப்படியே கிடந்தது, 23 கிளிப்.*

*முதல் கிளிப் 19 நொடி. யாரோ ஒரு பையன் கேமரா முன்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கேமராவின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ். யாரும் பார்க்காத, எல்லாரும் வெட்டி எறிகிற பகுதி. “கிட்டப் பிடிப்பா” என்று பீட்டரின் குரல். பையனுக்குக் கேட்கவில்லை. “கிட்டப் பிடிடா!” 11-ஆவது நொடியில் தாள் இறங்கியது. பின்னால் கைப்பிடிச் சுவர், ஒரு விளக்குக் கம்பம், அதன் நிழல், அதற்கும் அப்பால் வெள்ளையாக ஏதோ.*

*ஆறு நொடிக் காட்சி கிடைத்தது என்று அடுத்த கிளிப்புக்குப் போனவள் திரும்பி வந்தாள். பீட்டர் ஏன் கத்தினான்? சத்தத்தை ஏற்றினாள். இரைச்சல். மறுபடி படத்தைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது தண்ணீர்.*

*போன் போட்டாள். “எத்தனை மணிக்குப் போனே?”*

*“மதியம் சாப்ட்டுட்டுப் போனேன். மணியெல்லாம் யாரு பார்த்தா?”*

*“கேமரா மணி 2000-ஆம் வருஷம்னு காட்டுது.”*

*“உள் பேட்டரி செத்துப்போச்சு. எழுதிக் குடுத்து ரெண்டு மாசமாச்சு, மாத்தித் தரலை.”*

*அப்போதுதான் அவள் கம்பத்தின் நிழலைப் பார்த்தாள். கேமராவை விட்டு விலகி ஆற்றுப் பக்கமாக விழுந்திருந்தது. மானிட்டரில் ஸ்கேலை வைத்தாள். கம்பம் 10 செ.மீ., நிழல் 7 செ.மீ. கால்குலேட்டரை எடுத்தாள். சூரியன் 55 பாகை உயரத்தில். உச்சி கடந்து இரண்டு மணி இருபது நிமிடம்.*

*“இரண்டு இருபத்தேழு,” என்றாள் ஆசிரியரின் மேசை முன் நின்று. “ஷட்டர் 4 மணிக்குத் திறக்கவில்லை. 2:27-க்கே திறந்திருக்கிறது.”*

*ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “கிழியட்டும்,” என்றார்.*

---

#2 தம்பிடெக்

கதை ஸ்பீடா போகுது. ஆனா ஸ்கேல், கால்குலேட்டர் எல்லாம் எதுக்குங்க? ஃபைலுக்குள்ளேயே எல்லாம் எழுதியிருக்கும். சர்வர்ல இருந்து ஒரிஜினல் கிளிப்பை எடுத்து இதைத் தட்டினா முடிஞ்சது:

```
exiftool -time:all -G1 -a -s clip01.mp4
```

எந்த நொடியில ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாங்கன்னு வந்துடும். நிழலை வச்சுக் கண்டுபிடிக்கிறதெல்லாம் துப்பறியும் நாவல் காலம்.

---

#3 பழைய டேப்

தம்பி, கதையைப் படித்தீர்களா? கேமராவின் உள் பேட்டரி செத்துவிட்டது என்று பீட்டரே சொல்கிறான். நீங்கள் கொடுத்த கட்டளை இப்படித்தான் காட்டும்:

```
[QuickTime]     CreateDate                      : 2000:01:01 00:14:32
```

ஃபைலுக்குள் இருப்பது நேரம் இல்லை, கேமரா நம்பிக்கொண்டிருந்த நேரம். பேட்டரி நன்றாக இருந்தாலும் இன்னொரு வம்பு உண்டு. அந்த இடத்தில் எழுதவேண்டியது உலகப் பொது நேரம். பல கேமராக்கள் உள்ளூர் நேரத்தை எழுதிவிடுகின்றன. அதைத் தெரியாமல் சில மணி நேரம் தள்ளிக் கணக்குப் போட்டவர்களை என் பக்கத்து மேசையிலேயே பார்த்திருக்கிறேன். அதே கிளிப் வாட்ஸ்அப் வழியாக வந்திருந்தால் எடுத்த நேரம் பெரும்பாலும் உள்ளே இருக்கவே இருக்காது.

இருபது வருஷத்துக்கு மேல் செய்தி எடிட்டிங்கில் இருந்தவன் என்ற முறையில் மைக்கூடுக்கு முதலில் ஒரு சபாஷ். ஒயிட் பேலன்ஸ் துண்டைப் பிடித்தீர்களே, அது உண்மை. ஒளிபரப்பான பிரதியில் கேமராமேன் காட்ட நினைத்தது மட்டும் இருக்கும். ஃபுட்டேஜில் அவன் நினைக்காததும் இருக்கும். ரெக்கார்டை நிறுத்த மறந்து கேமராவைக் கீழே தொங்கவிட்டு நடந்த துண்டு, மைக் சோதித்த துண்டு, பேட்டிக்கு முன்னால் ஆள் நாற்காலியைச் சரிசெய்யும் துண்டு. நான் முதலில் ஓடவிடுவது அவற்றைத்தான்.

ஆனால் உங்கள் ஸ்கேல் தவறு. கதையின் அச்சாணியே அதுதான் என்பதால் விட முடியவில்லை.

நிழல் கேமராவை விட்டு விலகி விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படி விழும் நிழல் திரையில் நசுங்கித் தெரியும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கம்பம் 3 மீட்டர், பீட்டர் அதற்கு 6 மீட்டர் தள்ளி, கேமரா அவன் கண் உயரத்தில் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் நிழலின் உண்மை நீளம் 2.1 மீட்டர், அதாவது கம்பத்தில் பத்தில் ஏழு. திரையில் அது கம்பத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்குதான் தெரியும். வனஜா 10-க்கு 7 என்று அளந்திருக்க வாய்ப்பே இல்லை. ஒன்றரை செ.மீ. கூட வராது. நிழல் கேமராவுக்குக் குறுக்கே, இடமிருந்து வலமாக விழுந்திருந்தால் ஸ்கேல் ஓரளவு ஒத்துக்கொள்ளும்.

வழி என்ன என்றால், அதுவும் உங்கள் கதையிலேயே இருக்கிறது. நீங்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். புதிதாகக் கல் பதித்த நடைபாதை. கற்களை எண்ணச் சொல்லுங்கள்.

---

#4 மைக்கூடு

அண்ணா, ஒரு நிமிஷம் மூச்சே நின்றுவிட்டது. கல் பாதையை பீட்டர் அங்கே போனதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று சும்மா போட்டேன்.

கல் ஒன்று 60 செ.மீ. சதுரம் என்றால் 2.1 மீட்டர் நிழல் மூன்றரைக் கல். சரியா?

---

#5 பழைய டேப்

மூன்றரைக் கல். இப்போது 4 மணிக்குப் போட்டுப் பாருங்கள். உச்சி 12:07 என்றால் 4 மணிக்கு 3 மணி 53 நிமிடம் கடந்திருக்கும். சூரியன் 58 பாகை சாய்ந்து, அடிவானத்துக்கு மேலே 32 பாகையில் நிற்கும். நிழல் கம்பத்தைப்போல் 1.6 மடங்கு, ஏறக்குறைய 4.85 மீட்டர். எட்டுக் கல்.

மூன்றரைக் கல்லா, எட்டுக் கல்லா? இதைப் பார்வையாளனுக்கு விளக்க கால்குலேட்டர் வேண்டாம். வனஜா அணைக்கே போகட்டும். சம்பவம் நடந்து ஒரு வாரத்துக்குள் என்றால் சூரியனின் பாதை இந்தக் கணக்குக்குப் பெரிதாக மாறியிருக்காது. பீட்டர் நின்ற அதே இடத்தில் கேமராவை வைத்து, 4 மணிக்கு அதே கம்பத்தை எடுத்து வரட்டும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். போகிற போக்கில் கல்லையும் கம்பத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளட்டும், தரை எந்தப் பக்கம் சரிகிறது என்றும் பார்க்கட்டும். நிழல் விழும் திசையில் தரை இறங்கினால் நிழல் நீளும், ஏறினால் சுருங்கும். கம்பம் சாய்ந்திருந்தாலும் இதே கதைதான். புதுக் கம்பம் நேராக நிற்கும் என்று நம்புகிறவர் கட்டட வேலை பார்க்காதவர்.

அடுத்தது ‘2:27’. இதைத்தான் நான் முழுக்க எடுத்துவிடச் சொல்வேன். நிழலின் நுனி எப்போதும் நாலைந்து செ.மீ. மங்கலாகத்தான் இருக்கும். கம்பத்தின் தலையில் விளக்குக் கூண்டு இருந்தால் எது நுனி என்பதே சண்டை. அளவில் பத்தில் ஒரு பங்கு பிழை என்றால் நேரம் முன்னும் பின்னும் பத்து நிமிடம் ஆடும். அதாவது 2:17-லிருந்து 2:37-க்குள். வனஜா ‘2:27’ என்று சொன்ன நொடியில் எதிர்த்தரப்பு அந்த ஏழு நிமிடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவள் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: “இது 4 மணி இல்லை.” அதற்குப் பத்து நிமிடப் பிழை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் இடைவெளி ஒன்றரை மணி.

நிஜத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கேமரூனில் பெண்களையும் குழந்தைகளையும் சிப்பாய்கள் சுட்டுக் கொல்லும் வீடியோ 2018-இல் வெளியே வந்தது. அரசு முதலில் அதைப் போலிச் செய்தி என்றது. பிபிசியின் ‘ஆப்பிரிக்கா ஐ’ புலனாய்வுக் குழு பின்னணியில் தெரிந்த மலைமுகட்டின் வடிவத்தை வைத்து இடத்தைப் பிடித்தது. நடந்துபோகும் சிப்பாய்களின் நிழலைச் சூரியக் கடிகாரமாக எடுத்துக்கொண்டு காலத்தைக் கணித்தது. அவர்கள் சொன்னது ஒரு தேதியை அல்ல. 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையில் என்று மட்டும் சொன்னார்கள். 2020-இல் நான்கு சிப்பாய்களுக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

---

#6 கோகிலாம்மா

நல்ல சமயத்தில் இந்தப் பேச்சு வந்தது. எங்கள் குடியிருப்பில் என் மகனின் ஸ்கூட்டர் திருட்டுப் போனது. சிசிடிவியில் ஆள் தெளிவாகத் தெரிகிறான், ஆனால் அதில் காட்டும் மணி 47 நிமிடம் முந்தி ஓடுகிறது. அந்த நேரத்தில் வண்டி வெளியே இருந்தது என்று பெட்ரோல் ரசீது சொல்கிறது, அதனால் உங்கள் வீடியோவை நம்ப முடியாது என்று காப்பீட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த நிழல் முறையில் சரியான நேரம் கண்டுபிடித்துத் தருவீர்களா? வீடியோ ராத்திரி எடுத்தது.

---

#7 தம்பிடெக்

அம்மா, ராத்திரியில எந்தச் சூரியன் நிழல்?

---

#8 பழைய டேப்

சிரிக்காதீர்கள் தம்பி, அம்மா கேட்டதில்தான் அடுத்த விஷயமே இருக்கிறது.

கோகிலாம்மா, உங்களுக்கு நிழல் வேண்டாம். சிசிடிவி பெட்டியின் திரையில் மணி ஓடும்போது பக்கத்தில் உங்கள் போனின் கடிகாரத்தைப் பிடித்து, இரண்டும் ஒரே படத்தில் வருகிற மாதிரி இன்னொரு போனில் எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி எடுங்கள். வித்தியாசம் 47-லேயே நிற்கிறது என்றால் திருட்டு நடந்த அன்றும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்று வாதாடலாம். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துப் பின்னோக்கிக் கழிக்கவேண்டும். யாரும் மணியைத் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருத்திவிட்டால் சாட்சி போய்விடும்.

மைக்கூடு, உங்கள் பீட்டரின் கேமராவுக்கும் இதேதான். 2000-ஆம் வருஷம் என்று காட்டினாலும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டுதானே இருந்தது? அது தவறான மணி, ஆனால் ஒரே அளவில் தவறான மணி. 23 கிளிப்பில் எங்காவது ஓரிடத்தில் உண்மையான நேரம் மாட்டியிருந்தால் மற்ற 22-க்கும் நேரம் கிடைத்துவிடும். கோயில் மணி, பள்ளிக்கூட மணி, ரேடியோவில் மணி அடிக்கும் ஒலி, எதுவானாலும் சரி.

---

#9 மைக்கூடு

கடைசி கிளிப்பில் பீட்டர் காவலாளி அறையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறான், அங்கே டிவியில் 4 மணிச் செய்தி ஆரம்பிக்கிறது என்று வைத்தால்?

---

#10 பழைய டேப்

பிரமாதம். நேரலைச் செய்தி என்பதை நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும். டிஷ் வழியாக வந்தால் சில நொடி தாமதம், போன் வழியாக ஓடினால் அரை நிமிடம் ஒரு நிமிடம்கூட ஆகலாம். உங்களுக்கு அது பொருட்டில்லை.

செய்தியின் முகப்பு இசை தொடங்கும்போது கேமரா மணி 01:48:50 என்று வையுங்கள். வெள்ளைத் தாள் கிளிப் 00:14:32. இடைவெளி 1 மணி 34 நிமிடம் 18 நொடி. 4 மணியிலிருந்து கழித்தால் 2:25:42. நிழல் சொன்னது 2:17-லிருந்து 2:37. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வழி ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. இப்போது வனஜா ஆசிரியர் முன்னால் நிற்கலாம்.

ஒரு பொறி இருக்கிறது. உள் பேட்டரி செத்த கேமராவில் பெரிய பேட்டரியை மாற்றினாலே கடிகாரம் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். பீட்டர் நடுவில் பேட்டரி மாற்றினானா? கிளிப்புகளின் வரிசை எண் ஏறிக்கொண்டே போகும்போது மணியும் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்க்கவேண்டும். 14-ஆவது கிளிப்பில் மணி திடீரென்று குறைந்தால் சங்கிலி அறுந்துவிட்டது, இந்தக் கணக்கு செல்லாது.

---

#11 ஷட்டர்காரர்

நான் அணைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். நிழலெல்லாம் எனக்குத் தெரியாது, தண்ணீர் தெரியும். மன்னிக்கவும், கதையில் பெரிய ஓட்டை அங்கேதான்.

‘வெள்ளையாகத் தண்ணீர்’ என்றால் எந்தத் தண்ணீர்? ஓர் அணையில் தண்ணீர் வெளியே வர ஒரு வழியா இருக்கிறது? மேலே வெள்ள ஷட்டர் இருக்கும். அடியில் மணல்போக்கி மதகு இருக்கும். மின் நிலையம் இருந்தால் அதன் கழிவு வாய் தனி. மணல்போக்கியைத் திறந்தாலும் நுரை தள்ளிக்கொண்டுதான் வரும், சத்தமும் பயங்கரமாக இருக்கும், ஆனால் அளவு சொற்பம். அதிகாரி சிரித்துக்கொண்டே “அது வழக்கமான மணல்போக்கித் திறப்பு அம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். உங்கள் கதாநாயகி என்ன செய்வாள்?

இன்னொன்று, ஷட்டரைக் கதவு திறப்பதுபோல் யாரும் ஒரே தூக்காகத் தூக்குவதில்லை. முதலில் ஒன்றை 15 செ.மீ., 30 செ.மீ. என்று தூக்குவோம், பிறகு அடுத்தது. ஒவ்வொரு தூக்கலையும் நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதவேண்டும். ‘4 மணிக்குத் திறக்கப்பட்டது’ என்று அறிக்கையில் எழுதியவர் எல்லா ஷட்டரும் முழுக்கத் தூக்கிய நேரத்தை எழுதியிருக்கலாம். அது பொய்யா, பாதி உண்மையா என்பது வேறு வழக்கு. மணலில் நின்றவனுக்கு முதல் 30 செ.மீட்டரே போதும்.

அவள் கேட்கவேண்டிய கேள்வி “எப்போது திறந்தீர்கள்?” அல்ல. “2:30-க்கு எத்தனையாவது ஷட்டர் எவ்வளவு தூக்கியிருந்தது, பதிவேட்டைக் காட்டுங்கள்” என்று கேட்கவேண்டும். அதற்கு ‘ஏதோ’ என்று எழுத முடியாது. படத்தில் தண்ணீர் எந்தத் தூணுக்கும் எந்தத் தூணுக்கும் நடுவில் விழுகிறது என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

---

#12 மழைக்காகிதம்

தொழில்நுட்பம் பேசுகிறவர்களுக்கு நடுவில் ஒரு வாசகியாக என் குறை. “கிழியட்டும்” என்கிற அந்த ஆசிரியரை எனக்குப் பிடிக்கவே இல்லை. அப்படிப் பேசுகிறவர்கள் கதைகளில் மட்டும்தான் இருக்கிறார்கள். பென்சில் கோடு நன்றாக இருக்கிறது. பையனுக்குக் கேட்கவில்லை என்பது அதைவிட நன்று. கதையின் மர்மமே காது வழியாகத்தான் முதலில் வருகிறது, நீங்கள்தான் உடனே அதைக் கண்ணுக்கு மாற்றிவிட்டீர்கள்.

எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கிறது. காலையில் 9:47-க்கும் நிழல் இதே மூன்றரைக் கல்தானே இருக்கும்? “நடைபாதையைக் காலையில் படம்பிடித்தார்கள், அது காலையில் நடந்த சோதனைத் திறப்பு” என்று அறிக்கைக்காரர்கள் சொன்னால்?

---

#13 பழைய டேப்

மழைக்காகிதம் கேட்டது நான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டியது. நீளம் ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும், திசை வராது. காலை நிழல் மேற்கே விழும், பிற்பகல் நிழல் கிழக்கே விழும். பீட்டர் மேற்குக் கரையில் நின்று ஆற்றைப் பார்த்து எடுத்திருந்தால் பிற்பகல் நிழல் அவனை விட்டு விலகும், காலை நிழல் அவன் காலடிக்கு வரும். நீங்கள் ‘விலகி’ என்று எழுதியிருப்பதால் கதை தப்பித்தது. ஆனால் அவன் நின்றது மேற்குக் கரை என்பதை ஒரு வரியிலாவது சொல்லுங்கள், வானிலிருந்து எடுத்த வரைபடத்தில் அவள் சரிபார்க்கட்டும்.

ஷட்டர்காரர் ஐயா சொன்னது என் கணக்கையே சாய்த்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். எப்போது எடுத்த படம் என்று மட்டும்தான் நான் நிரூபித்தேன். படத்தில் இருப்பது என்ன என்று நிரூபிக்கவில்லை.

---

#14 தம்பிடெக்

ஓகே, மெட்டாடேட்டா விஷயத்துல நான் அவசரப்பட்டேன். ஆனா ஒண்ணு கேட்கறேன். இப்போ எல்லா கிளிப்புக்கும் நிஜ நேரம் கிடைச்சுடுச்சுல்ல? அறிக்கையில 3 மணிக்குச் சங்கு ஊதினாங்கன்னு இருக்கே. 3 மணிக்குக் கேமரா ஓடிட்டு இருந்துச்சா?

---

#15 மைக்கூடு

தம்பி…

நான் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கை மறந்தே போனேன். 3 மணி என்றால் கேமரா மணியில் 00:48:50. ஒன்பதாவது கிளிப்பை 00:46:05-க்குத் தொடங்கி 6 நிமிடம் 20 நொடி ஓடவிட்டால் 2:57:15 முதல் 3:03:35 வரை. நடைபாதை ஒப்பந்தக்காரரின் பேட்டி. வெட்டாத ஒரே ஓட்டம்.

---

#16 பழைய டேப்

தம்பி, இன்றைக்கு நான் எழுதியதையெல்லாம்விட உங்கள் ஒரு வரி பெரிது.

மைக்கூடு, பேட்டி என்றால் ஒப்பந்தக்காரர் சட்டையில் காலர் மைக் இருக்கும். அது முதல் சேனல். அந்த மைக்கில் அவர் குரல்தான் நிறையும், தூரத்துச் சங்கு கேட்காமல் போயிருக்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் கேமராவின் சொந்த மைக் இரண்டாவது சேனலில் பதிவாகிக்கொண்டிருக்கும். ஒளிபரப்பும்போது அதை மூடிவிடுவோம், சர்வரில் கிடக்கும் நகலில் அது இருக்கும். இரண்டாவதை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

கேமராவின் தேதி பதிவு தொடங்கிய நேரமா, முடிந்த நேரமா என்பதையும் அதே கேமராவில் ஒரு தரம் எடுத்துச் சோதிக்கவேண்டும். சில கருவிகள் முடிந்த நேரத்தை எழுதிவைக்கும். ஆறு நிமிட கிளிப்பில் அது தலைகீழ் வித்தியாசம்.

---

#17 ஷட்டர்காரர்

சங்கு என்றதும் ஞாபகம் வருகிறது. அணையில் ஒன்று, கீழே ஆற்றோரத்தில் சில என்று பிரித்து வைத்திருப்பார்கள். அணைச் சங்கு பழுது, கீழே மட்டும் ஊதியது என்று சொல்ல இடம் இருக்கிறது. அறிக்கையில் ‘அணையில்’ என்று எழுதியிருந்தால் மாட்டிக்கொண்டார்கள்.

---

#18 மைக்கூடு

முதல் வரியிலேயே ‘அணையில் சங்கு ஊதப்பட்டது’ என்று எழுதியிருக்கிறேன் ஐயா. தெரியாமல் எழுதியது. அப்படியே விடுகிறேன்.

மணல்போக்கிக்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை. இப்போதைக்குத் தூண்களை எண்ண வைத்திருக்கிறேன். மழைக்காகிதம் சொன்னபடி ஆசிரியரைக் கண்ணாடியோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். கடைசிப் பகுதியைத் திருத்தியிருக்கிறேன்:

*நிழல் மூன்றரைக் கல்லில் நின்றது. நான்கு மணிக்கு அவள் எடுத்துவந்த படத்தில் அதே கம்பத்தின் நிழல் எட்டாவது கல்லைத் தொட்டிருந்தது. தண்ணீர் விழுந்தது மேலே, இடமிருந்து மூன்றாவது தூணுக்கும் நான்காவதுக்கும் நடுவில். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, அடியில் ‘4 மணி இல்லை’ என்று மட்டும் போட்டாள். எத்தனை மணி என்று போடவில்லை.*

*பிறகு ஒன்பதாவது கிளிப்பைத் திறந்தாள். ஒப்பந்தக்காரர் கல்லின் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முதல் சேனலை முழுக்க இறக்கினாள். அவர் வாய் அசைந்தது. இரண்டாவதை ஏற்றினாள்.*

*தண்ணீர் இரைச்சல். நேரம் 2:59 ஆனது. பீட்டர் ஒருமுறை இருமினான். மூன்று மணி. எங்கோ ஒரு புறா. 3:01. தாள் பிடித்த பையன் தூரத்திலிருந்து எதையோ கேட்கிறான், “ம்?” என்கிறான் பீட்டர். 3:02. தண்ணீர் இரைச்சல். 3:03.*

*கிளிப் முடிந்ததும் அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.*

---

#19 ஷட்டர்காரர்

தண்ணீர் இரைச்சலில் சங்கு மறைந்துபோகாதா என்று கேட்பார்கள். எங்கள் அணைச் சங்கு ஊதினால் நடைபாதையில் நிற்கிறவன் காதைப் பொத்திக்கொள்வான், அதனால் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் அணையில் எப்படியோ. அதே நாளில் எடுத்த வேறு பதிவில் சங்குச் சத்தம் இந்த மைக்கில் எப்படிக் கேட்கும் என்று ஒப்பிட ஏதாவது இருக்கிறதா?

---

#20 மைக்கூடு

இல்லை ஐயா. மாதாந்திரச் சோதனை ஊதலுக்கு வனஜாவை மறுபடி பீட்டரோடு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். அதற்குள் கதை நீண்டுவிடும் என்று பயமாகவும் இருக்கிறது.

---

#21 கோகிலாம்மா

போன் கடிகாரத்தோடு படம் எடுத்தேன். இன்றைக்கு 49 நிமிடம் காட்டுகிறது.